ரிலே அணையும் நொடியில் போர்டு ஏன் ரீசெட் ஆகிறது: ஃப்ளைபேக் டையோடு வைக்கும் முழு வழிமுறை

சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு வாழைத்தோட்டம். கிணற்று மோட்டாருக்கு டைமர் செய்து கொடுத்திருந்தேன். கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓட வேண்டும், 40 நிமிடம் கழித்து தானாக நிற்க வேண்டும். ஒரு ESP32 போர்டு, ஒரு 5 வோல்ட் ரிலே, ஒரு டிரான்சிஸ்டர், அவ்வளவுதான். ரிலே போய் ஸ்டார்ட்டரின் காயிலை இழுக்கும், ஸ்டார்ட்டர் மோட்டாரை ஓட்டும். வீட்டு மேசையில் இரண்டு நாள் ஓட்டிப் பார்த்தபோது ஒரு குறையும் இல்லை.

தோட்டத்தில் மாட்டிய மூன்றாம் நாள் காலையில் அண்ணாச்சி போன் செய்தார். "தம்பி, மோட்டார் நேரத்துக்கு நிக்கத்தான் செய்யுது. ஆனா நின்ன மறுநொடியே திரும்ப ஓடிருது. ராத்திரி பூரா ஓடியிருக்கு, வாழைக்கு அடியில தண்ணி கெட்டிக் கிடக்கு" என்றார்.

நடந்தது இதுதான். 40 நிமிடம் முடிந்து ரிலேயை அணைத்த நொடியில் போர்டு ரீசெட் ஆகியிருக்கிறது. ரீசெட் ஆன போர்டுக்கு அது புதிதாகக் கரண்ட் வந்த மாதிரிதான். உடனே மோட்டாரைப் போட்டு மறுபடி 40 நிமிடத்தை எண்ணத் தொடங்கியிருக்கிறது. அணைப்பதே மறுபடி போடுவதற்குக் காரணமாகிவிட்டது. நிரலில் ஒரு பிழையும் இல்லை. ரிலே காயிலின் குறுக்கே ஃப்ளைபேக் டையோடு என்கிற ஒரு டையோடு இல்லை, அதுதான் குறை. அதை வைத்த பிறகும் தொல்லை முழுதாகத் தீரவில்லை, அதற்கு வேறொரு காரணம் இருந்தது. இரண்டையும் நான் கண்டுபிடித்துச் சரிசெய்த வரிசையிலேயே சொல்கிறேன்.

காயிலுக்குள் என்ன நடக்கிறது

கிணற்று மோட்டாரை அணைத்ததும் பைப்பில் 'தொம்' என்று ஒரு அடி கேட்கும். மோட்டார் நின்றாலும் பைப்புக்குள் ஓடிக்கொண்டிருந்த தண்ணீருக்கு ஒரு வேகம் இருக்கிறது, அது சட்டென்று நிற்காது. வழியை நொடியில் மூடினால் அந்த வேகம் முழுவதும் அழுத்தமாக மாறி பைப்பையும் வால்வையும் அடிக்கும்.

காயிலில் ஓடும் கரண்டும் அப்படித்தான். அதற்குப் பின்னால் காந்தப்புலத்தில் சேர்ந்த ஆற்றல் இருப்பதால் கரண்ட் சட்டென்று பூஜ்யம் ஆக மறுக்கும். டிரான்சிஸ்டர் வழியை அடைத்தால், கரண்டை எப்படியாவது தொடர்ந்து ஓட்டுவதற்குக் காயில் தன் முனையில் வோல்டேஜை ஏற்றிக்கொண்டே போகும். கணக்கு இது:

```
V = L × (dI / dt)
```

கடைகளில் கிடைக்கும் நீல நிற 5 வோல்ட் ரிலேயின் காயில் சுமார் 70 ஓம். அதில் ஓடுவது சுமார் 71 மில்லி ஆம்பியர். காயிலின் இண்டக்டன்ஸ் 0.1 ஹென்றி என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கரண்டை 10 மைக்ரோ நொடியில் நிறுத்த முயன்றால் வரவேண்டிய வோல்டேஜ் 0.1 × 0.071 ÷ 0.00001, அதாவது 700 வோல்ட்டுக்கு மேல். 5 வோல்ட்டில் ஓடும் சர்க்யூட்டில் இப்படி ஒரு உதை!

நிஜத்தில் 700 வரை ஏறுவதில்லை. அதற்கு முன்பே டிரான்சிஸ்டர் தாங்க முடியாமல் உடைந்து கரண்டைக் கடத்திவிடும். BC547 உறுதியாகத் தாங்கும் அளவு 45 வோல்ட்தான். எனவே கலெக்டர் முனை ஒரு மைக்ரோ நொடிக்கும் குறைவான நேரத்தில் கிட்டத்தட்ட பூஜ்யத்திலிருந்து பல பத்து வோல்ட்டுக்குத் தாவும், உடைந்து இறங்கும், சற்று நேரம் மேலும் கீழும் ஆடும். டிரான்சிஸ்டர் அன்றைக்கே சாகாது. நூறு முறையோ ஆயிரம் முறையோ இந்த அடியை வாங்கிய பிறகு ஒருநாள் ஷார்ட் ஆகி, ரிலே அணையாமலே நின்றுவிடும்.

போர்டை ரீசெட் செய்வது அந்தத் தாவலின் வேகம். பக்கத்தில் ஓடும் ஒயர்களுக்கும் கலெக்டர் ஒயருக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத சிறு கெப்பாசிட்டன்ஸ் எப்போதும் உண்டு. வேகமான தாவல் அதன் வழியே அடுத்த ஒயருக்குக் குதிக்கும். டிரான்சிஸ்டரின் கலெக்டரிலிருந்து பேஸுக்கும், அங்கிருந்து போர்டின் பின்னுக்கும் கொஞ்சம் வரும். பொதுவான கிரவுண்டு ஒயர் நீளமாக இருந்தால் அந்தக் கிரவுண்டே ஒரு கணம் ஏறி இறங்கும். சிப்பை ரீசெட் செய்யும் EN பின்னுக்கு ஒரு கணம் வோல்டேஜ் இறங்கியதாகத் தெரிந்தால் போதும், வேலை முடிந்தது. என் மேசையில் ரிலே போர்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது, ஒயர் விரல் நீளம்தான். தோட்டத்தில் ரிலேயை ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் வைத்து 2 மீட்டர் ஒயர் இழுத்திருந்தேன். மேசையில் தெரியாதது அங்கே தெரிந்ததற்குக் காரணம் இந்த ஒயர்.

முதல் படி: போடும்போதா, அணைக்கும்போதா?

டையோடைக் கையில் எடுக்கும் முன் இதைக் கண்டுபிடியுங்கள். ரிலேயைப் போடும் நொடியில் ரீசெட் ஆனால் அது பெரும்பாலும் பவர் சப்ளை தள்ளாடுவது. டையோடு அதற்கு உதவாது. அணைக்கும் நொடியில் ஆனால் அது காயிலின் உதை. இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் சப்ளையை மாற்றி, போர்டை மாற்றி, வாரக்கணக்கில் அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

ஸ்டார்ட்டர் ஒயரைக் கழற்றிவிட்டு, ரிலே காயிலை மட்டும் வைத்து இதை ஓட்டுங்கள்:

```cpp
#include "esp_system.h"
const int RELAY = 26;

void setup() {
  pinMode(RELAY, OUTPUT);
  digitalWrite(RELAY, LOW);
  Serial.begin(115200);
  Serial.println((int)esp_reset_reason());
}

void loop() {
  Serial.println("ON");  Serial.flush();
  digitalWrite(RELAY, HIGH); delay(3000);
  Serial.println("OFF"); Serial.flush();
  digitalWrite(RELAY, LOW);  delay(3000);
}
```

ரீசெட் ஆகும்போதெல்லாம் ஒரு எண் அச்சாகும். அது `ON` வந்த உடனே வருகிறதா, `OFF` வந்த உடனே வருகிறதா என்று பாருங்கள். எண்ணும் கொஞ்சம் சொல்லும். 9 என்றால் சிப் தன் சப்ளை வோல்டேஜ் இறங்கியதை உணர்ந்து தானே ரீசெட் ஆகியிருக்கிறது. 1 என்றால் புதிதாகக் கரண்ட் வந்தது என்று அர்த்தம், ஆனால் EN பின் இழுபட்டாலும் அதே 1 தான் வரும். 4 முதல் 7 வரை வந்தால் நிரல் நடுவில் குழம்பி நின்றிருக்கிறது.

இந்த 1 ஒரு முக்கியமான விஷயம். 'உண்மையில் கரண்ட் வந்தால் மட்டும் மோட்டாரைப் போடு' என்று நிரலில் ஒரு வரி சேர்த்துத் தப்பிக்கலாம் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். EN பின் வழியாக வந்த ரீசெட்டும் கரண்ட் வந்ததும் சிப்புக்கு ஒன்றுபோலவே தெரிவதால் அது நடக்கவில்லை. ஒயரில் வந்த குறையை ஒயரில்தான் தீர்க்க வேண்டியிருந்தது.

லேப்டாப்பை யுஎஸ்பியில் செருகினால் போர்டுக்கு அதன் வழியாகவும் கரண்ட் போகும் என்பதை நினைவில் வையுங்கள். சப்ளை தள்ளாட்டம் அதனால் மறைந்துவிடக்கூடும். சந்தேகம் இருந்தால் யுஎஸ்பியைப் பிடுங்கிவிட்டு, `setup()` தொடங்கும்போது ஒரு எல்இடி மூன்று முறை மின்னும்படி எழுதிக்கொள்ளுங்கள். மின்னினால் ரீசெட் ஆகியிருக்கிறது.

அண்ணாச்சி தோட்டத்தில் 20 முறை அணைத்ததில் 6 முறை ரீசெட். ஆறும் `OFF` வந்த பிறகுதான். எண் ஆறு தடவையும் 1.

இரண்டாம் படி: டையோடு எங்கே, எந்தத் திசையில்

நம் குளங்களில் தண்ணீர் நிறைந்தால் கரையை உடைக்காமல் வெளியேற மறுகால் இருக்கும். டையோடும் காயிலுக்கு அப்படியொரு மறுகால்தான். ஒரே வித்தியாசம், இதில் வழிவது வெளியே போவதில்லை. காயிலின் ஒரு முனையிலிருந்து கிளம்பி டையோடு வழியாக மறு முனைக்கே திரும்பி, காயிலுக்குள்ளேயே சுற்றிச் சுற்றித் தேய்ந்து அடங்கும்.

காயிலுக்கு இரண்டு முனை. ஒன்று 5 வோல்ட்டுக்குப் போகிறது, மற்றது டிரான்சிஸ்டரின் கலெக்டருக்கு. டையோடை இந்த இரண்டு முனைக்கும் குறுக்கே வையுங்கள். டையோடின் மேல் வெள்ளிக் கோடு இருக்கும் பக்கம் 5 வோல்ட் முனைக்கு. கோடு இல்லாத பக்கம் கலெக்டர் முனைக்கு. ரிலே ஓடும்போது டையோடு தலைகீழாக இருப்பதால் கடத்தாது, இருப்பதே தெரியாது. டிரான்சிஸ்டர் அணைந்து கலெக்டர் மேலே ஏறத் தொடங்கியதும், 5 வோல்ட்டைத் தாண்டி இன்னும் 0.7 வோல்ட் ஏறுவதற்குள் டையோடு திறந்துகொள்ளும். பல பத்து வோல்ட் தாவல் இப்போது 5.7 வோல்ட்டில் நின்றுவிடும்.

மாற்றி வைத்தால் என்ன ஆகும்? டிரான்சிஸ்டர் திறந்ததும் 5 வோல்ட் நேராக டையோடு வழியாகவும் டிரான்சிஸ்டர் வழியாகவும் கிரவுண்டுக்கு ஓடும். சப்ளை குப்புற விழும், டிரான்சிஸ்டர் சூடாகும். டையோடு வைத்த பிறகு ரீசெட் `OFF`-லிருந்து `ON`-க்கு மாறிவிட்டது என்றால் உடனே கரண்டை நிறுத்திக் கோட்டின் திசையைப் பாருங்கள்.

எந்த டையோடு? அணைத்த நொடியில் டையோடு வழியாகப் போகும் கரண்ட் அதுவரை காயிலில் ஓடிய அதே 71 மில்லி ஆம்பியர்தான், ஒரு பொட்டுகூட அதிகமில்லை. 1 ஆம்பியர் தாங்கும் 1N4007 தாராளம். கடையில் அது இல்லையென்றால் 1N4148 கூட இந்த ரிலேக்குப் போதும். 1N4007 மெதுவான டையோடு என்று சிலர் ஒதுக்குவார்கள். அது மெதுவாக மூடுமே தவிர, திறப்பதில் சுணக்கம் இல்லை. ரிலே நாளைக்கு நாலு தடவை அணைகிறது, அங்கே மூடும் வேகம் ஒரு பொருட்டே இல்லை.

ரிலே, டிரான்சிஸ்டர், டையோடு மூன்றும் ஒரு கட்டைவிரல் அகலத்துக்குள் இருப்பதுதான் நல்லது. ரிலே தூரத்தில்தான் இருந்தாக வேண்டுமென்றால் இரண்டு டையோடு வையுங்கள், ஒன்று காயிலின் காலிலேயே, இன்னொன்று டிரான்சிஸ்டர் பக்கத்தில். காயிலின் காலில் இருப்பது, நடுவில் கனெக்டர் தளர்ந்தாலும் காயிலின் ஆற்றலை அங்கேயே அடக்கும். டிரான்சிஸ்டர் பக்கம் இருப்பது நீள ஒயருக்கே உள்ள சிறிய உதையைப் பார்த்துக்கொள்ளும்.

அப்புறம், மல்டிமீட்டரின் டையோடு சோதனையை ரிலேயில் வைத்தபடியே செய்து ஏமாறாதீர்கள். 70 ஓம் காயில் குறுக்கே இருப்பதால் எந்தப் பக்கம் வைத்தாலும் மீட்டர் சின்ன எண்ணையே காட்டும், டையோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஒரு காலைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். ரெடிமேட் ரிலே மாட்யூல் வைத்திருந்தால் அதில் பெரும்பாலும் டையோடு ஏற்கெனவே இருக்கும். ரிலேக்குப் பக்கத்தில் M7 என்று எழுதிய கறுப்புத் துண்டையோ, சிவப்புக் கண்ணாடி மணி போன்றதையோ தேடுங்கள்.

டையோடால் ஒரு சிறு விலையும் உண்டு. காயிலில் கரண்ட் சுற்றிக்கொண்டிருப்பதால் ரிலே சில மில்லி நொடி தாமதமாக விடும், காண்டாக்ட் சற்று மெதுவாகப் பிரியும். தோட்ட மோட்டாருக்கு அது பொருட்டில்லை. வேகமாக விட வேண்டிய இடத்தில் டையோடோடு 24 வோல்ட் ஜீனர் ஒன்றை எதிர்த்திசையில் தொடராகச் சேர்ப்பார்கள். அப்போது கலெக்டர் 30 வோல்ட் வரை ஏறும், 45 தாங்கும் BC547-க்கு அது பரவாயில்லை.

மூன்றாம் படி: டையோடு வைத்தும் ரீசெட் ஆனால்

இரண்டு டையோடையும் வைத்து, ஸ்டார்ட்டரைக் கழற்றியபடியே 20 முறை அணைத்தேன். ஒரு ரீசெட்கூட இல்லை. சரி என்று ஸ்டார்ட்டர் காயிலை மாட்டி மறுபடி 20 முறை பார்த்தேன். 3 முறை ரீசெட் ஆனது, மூன்றும் `OFF`-ல்.

பெரும்பாலானோர் 'டையோடு வேலை செய்யவில்லை' என்று கைவிடுவது இந்த இடத்தில்தான். டையோடு தன் வேலையைச் செய்துவிட்டது. இப்போது உதைப்பது வேறு காயில், ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் பெரிய காயில். ரிலேயின் காண்டாக்ட் பிரியும்போது அந்தக் காயிலின் உதை காண்டாக்ட் இடைவெளியில் பொறியாகப் பாயும். அந்தப் பொறி ஒரு சிறிய ரேடியோ நிலையம் மாதிரி, பக்கத்து ஒயர் எல்லாவற்றிலும் இரைச்சலை ஏற்றும். பக்கத்தில் ரேடியோ வைத்தால் 'கிரக்' என்று கேட்கும்.

இந்தக் காயிலுக்கு டையோடு வைக்கவே கூடாது. அது ஏசியில் ஓடுகிறது. கரண்ட் நொடிக்கு 50 முறை இருபுறமும் மாறுவதால் ஒரு பாதிச் சுற்றில் டையோடு நேர் ஷார்ட் ஆகிவிடும். இங்கே வேண்டியது 100 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரும் தொடராகச் சேர்ந்த ஸ்னப்பர். கெப்பாசிட்டர் X2 வகையாக, 275 வோல்ட் ஏசி என்று அச்சிட்டதாக இருக்க வேண்டும். சாதாரண கெப்பாசிட்டரை இங்கே வைத்தால் அது ஒருநாள் ஷார்ட் ஆகிப் பற்றிக்கொள்ளும்.

இதை ஸ்டார்ட்டர் காயிலின் இரண்டு முனைக்குக் குறுக்கே, காயில் பக்கத்திலேயே வையுங்கள். ரிலே காண்டாக்டுக்குக் குறுக்கே வைப்பவர்களும் உண்டு. அப்படி வைத்தால் ரிலே அணைந்த பிறகும் கெப்பாசிட்டர் வழியாக 7 மில்லி ஆம்பியருக்கு மேல் கசியும், சிறிய காயிலாக இருந்தால் விடாமல் முனகிக்கொண்டிருக்கும்.

மெயின் ஃபியூஸைப் பிடுங்கி, டெஸ்டரால் தொட்டுப் பார்த்த பிறகே கை வையுங்கள். இந்த வேலையை நான் ஊர் வயர்மேனை உடன் வைத்துத்தான் செய்தேன். தொடங்கும் முன் காயிலின் மேல் எழுதியிருக்கும் வோல்டேஜைப் படியுங்கள். எங்களுடையது 240. மூன்று ஃபேஸ் ஸ்டார்ட்டர்களில் 415 வோல்ட் காயில் இருப்பதுண்டு. அந்த நீல ரிலேயின் காண்டாக்ட் 250 வோல்ட் வரைதான், 415-ல் அதை மாட்டவே கூடாது. மேலே சொன்ன கெப்பாசிட்டரும் அங்கே ஆகாது.

ஸ்னப்பர் வைத்த பிறகு 50 முறை அணைத்துப் பார்த்தேன். ரீசெட் இல்லை.

நான்காம் படி: போடும்போது ரீசெட் ஆனால்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ESP32 வைஃபை அனுப்பும்போது திடீர் திடீரென்று சில நூறு மில்லி ஆம்பியர் இழுக்கும். அதே நேரம் ரிலேயும் இழுத்தால் மெல்லிய ஒயரும் மலிவான அடாப்டரும் தாங்காது, எண் 9 வரும். ரிலேக்கான 5 வோல்ட்டைப் போர்டின் பின்னிலிருந்து எடுக்காமல், அடாப்டர் ஒயர் வந்து சேரும் இடத்திலிருந்து தனியாக எடுங்கள். கிரவுண்டும் அங்கேயே சேரட்டும். அந்த இடத்தில் 470 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று வையுங்கள்.

சிறிய டிசி மோட்டார் என்றால்

சொட்டுநீரில் உரக்கரைசல் கலக்க 12 வோல்ட் சிறிய பம்ப் வைப்பவர்கள் இதையே சில மாற்றங்களோடு செய்ய வேண்டும். மோட்டார் கிளம்பும் நொடியில், ஓடும்போது இழுக்கும் கரண்டைப் போலப் பல மடங்கு இழுக்கும். அதனால் இங்கே தொல்லை போடும்போதும் வரும், அணைக்கும்போதும் வரும். மோட்டாருக்குத் தனி சப்ளை கொடுத்து, கிரவுண்டை மட்டும் ஒரே இடத்தில் சேர்ப்பதே நிம்மதி. பிரஷ் உள்ள மோட்டார் ஓடும்போதும் பொறி விட்டுக்கொண்டே இருக்கும். அதன் இரு முனைக்கும் குறுக்கே 0.1 மைக்ரோ ஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் ஒன்றை மோட்டார் உடம்பை ஒட்டியே பற்றவையுங்கள்.

வேகத்தைக் குறைக்க பிடபிள்யூஎம் கொடுத்தால் டையோடு நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை திறந்து மூட வேண்டும். 1N4007-இன் மெதுவாக மூடும் குணம் இங்கேதான் கெடுதல் செய்யும். டையோடும் டிரான்சிஸ்டரும் சேர்ந்து சூடாகும். ஷாட்கி வகை வாங்குங்கள், 1 ஆம்பியர் வரை ஓடும் மோட்டாருக்கு 3 ஆம்பியர் தாங்கும் 1N5822 நல்லது.

இருதிசையிலும் ஓட வேண்டிய மோட்டாருக்குக் குறுக்கே ஒற்றை டையோடு வைக்காதீர்கள், திசை மாறியதும் அது ஷார்ட். ஹெச் பிரிட்ஜில் நான்கு டையோடு வேண்டும். L293D சிப்புக்குள் அவை உண்டு. L298 சிப்புக்குள் இல்லை, ஆனால் அது வைத்த போர்டுகளில் சிப்பைச் சுற்றி வரிசையாகப் பற்றவைத்திருப்பார்கள். எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.

சேரன்மகாதேவித் தோட்டத்தில் கடைசியாக நிரலை 40 நிமிடத்துக்கு மாற்றி, மூன்று முறை மின்னும் எல்இடியை மட்டும் அப்படியே விட்டேன். முதல் தடவை அணையும்வரை அண்ணாச்சியும் நானும் மோட்டார் ரூம் வாசலில் நின்றோம். ரிலே 'டிக்' என்றது, ஸ்டார்ட்டர் 'டொக்' என்று விட்டது, பைப்பில் 'தொம்' என்று அடி கேட்டது. எல்இடி மின்னவில்லை. வாய்க்காலில் தண்ணீர் மெலிந்து மடையோடு நின்றது.